மஞ்சள் தடவிக் கேட்டால் மரம் சொல்லும்

உங்கள் வீட்டுக் கதவு நிலையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு கரண்டிக் காம்பை எடுத்து, நிலைக்காலைத் தரையிலிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் என்றால் மேலும் கீழும் ஒரே மாதிரி 'டக், டக்' என்று கெட்டியாகச் சத்தம் வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் மட்டும் 'பொத், பொத்' என்று கேட்டால் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கலாம், உள்ளே கரையான் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டு, தின்ற இடத்தில் மண்ணை அடைத்து வைத்திருக்கும்.

வீட்டில் எத்தனையோ மரச்சாமான் இருக்க, அது ஏன் நிலைக்காலைத் தேடி வருகிறது? நாற்காலியை நாம் நகர்த்துகிறோம், மேசையைத் துடைக்கிறோம். நிலை மட்டும்தான் கட்டிய நாளிலிருந்து அசையாமல் நிற்கிறது. அதன் பாதம் தரைக்குள் புதைந்திருக்கிறது, முதுகு செங்கல் சுவரோடு ஒட்டியிருக்கிறது. வீடு கழுவும் தண்ணீர் அந்தப் பாதத்தில்தான் போய்த் தேங்குகிறது. ஈரமும் இருட்டும் மரமும் ஒரே இடத்தில் கிடைத்தால் கரையானுக்கு வேறென்ன வேண்டும்!

கரையானின் உடம்பு மிகவும் மெல்லிய தோல் கொண்டது. வேலைக்காரக் கரையான் ஒன்றை வெயிலில் விட்டால் உடம்பிலுள்ள ஈரம் வற்றிச் சீக்கிரமே செத்துவிடும். அதனால்தான் அது வெளிச்சத்தில் நடப்பதில்லை. மண்ணையும் எச்சிலையும் குழைத்து, பென்சில் தடிமனுக்கு ஒரு குழாய் கட்டி, அதற்குள்ளேயே போய் வருகிறது. சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் அந்தக் குழாய். அதில் கரையான் இன்னும் குடியிருக்கிறதா, இல்லை பழைய குழாயா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நடுவில் ஒரு விரல் அளவு மட்டும் சுரண்டி உடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பாருங்கள். உடைந்த இடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் உண்டு. முழுவதையும் இடித்துத் தள்ளாதீர்கள். வழி எங்கிருந்து எங்கே போகிறது என்று மருந்து அடிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் புற்றுக் கட்டும் கரையான்களில் பல, தின்ற மரத்தை நேரடியாகச் செரிப்பதில்லை. மென்று விழுங்கிப் புற்றுக்குள் கொண்டுபோய்க் கழித்து, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை மரத்தைப் பதப்படுத்தித் தர, பிறகு அதைத்தான் எல்லாம் சாப்பிடுகின்றன. மழைக்காலத்தில் புற்றிலிருந்து முளைக்கும் வெள்ளைக் காளானைப் பறித்துக் குழம்பு வைப்பார்கள். அது இந்தப் பூஞ்சையின் காளான்தான். புற்று இருப்பது எங்கோ தோட்டத்து மூலையில் என்றாலும், அங்கிருந்து மண்ணுக்கடியில் வெகுதூரம் வந்து நம் வீட்டு நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போகின்றன.

எல்லா மரத்தையும் கரையான் இப்படித் தின்பதில்லை. அதற்கான காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

தேக்கு மரத்தைக் குறுக்கே அறுத்த இடத்தைப் பாருங்கள். பட்டையை ஒட்டி வெளிர் மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். அதுதான் வெளிறு. உயிரோடிருக்கும்போது வேரிலிருந்து தண்ணீர் ஏறியது அந்த வளையத்தின் வழியாகத்தான். நடுவில் பொன்னிறப் பழுப்பாக இருப்பது வைரம். அது மரத்தின் வயதான பகுதி, தண்ணீர் ஏற்றும் வேலையை விட்டுவிட்டது. விட்டுப் போகும் முன்னால் மரம் அந்தச் செல்களில் தன் காவல் சரக்கைச் சேர்த்து வைக்கிறது. தேக்கில் அப்படிச் சேரும் சரக்குகளில் ஒன்றுக்கு டெக்டோகுயினோன் என்று பெயர். கரையானுக்கு அது ஆகவே ஆகாது. வெளிறிலோ இந்தச் சரக்கு இல்லை, அதற்குப் பதிலாகக் கரையானுக்குப் பிடித்த மாவுச்சத்து இருக்கிறது. ஆகவே 'தேக்கைக் கரையான் அரிக்காது' என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மைதான். தேக்கின் வைரத்தை அரிக்காது. தேக்கின் வெளிறு என்றால் மாமரத்தைத் தின்பதுபோல் தின்றுவிடும்.

இளம் தேக்கில் வைரம் கொஞ்சம், வெளிறு அதிகம். சீக்கிரம் வெட்டி விற்கிற தோட்டத் தேக்கில் நிலை செய்து, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். ஆகவே மரம் வாங்கப் போகும்போது பக்கவாட்டைப் பார்க்காமல் அறுத்த முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் நிறப் பட்டை எந்த ஓரத்தில் ஓடுகிறது, எவ்வளவு அகலம் என்று அங்கேதான் தெரியும்.

எந்த மரம் எத்தனை வருடம் தாங்கும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? டேராடூனில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கொரு சோதனை நடக்கிறது, அதன் பெயரே கொஞ்சம் பயமுறுத்தும்: இடுகாட்டுச் சோதனை. ஓர் அடி நீளத்தில் வைரக் குச்சிகளைச் செதுக்கி, வரிசை வரிசையாக மண்ணில் பாதி புதைத்து நட்டுவிடுவார்கள். கரையானும் பூஞ்சையும் நிறைந்த திறந்தவெளி அது. குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு குச்சியையும் பிடுங்கிப் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். சராசரியாக 10 ஆண்டுகளுக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 5 முதல் 10 ஆண்டுவரை என்றால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் குறைந்தால் மூன்றாம் வகுப்பு. தேக்கு வைரம் முதல் வகுப்பு. நாம் இனிப் பார்க்கப்போகும் மரம் மூன்றாம் வகுப்பு. நல்ல பிள்ளையைப் பற்றிப் பேசுவதைவிடத் தேறாத பிள்ளையை எப்படித் தேற்றினார்கள் என்பதில்தான் விஷயம் அதிகம்.

அந்த மரம் ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் பக்கத்துக் கேரளத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. 25, 30 ஆண்டுகள் பால் எடுத்தபின் மரத்தை வெட்டிப் புதுக்கன்று நடுவார்கள். வெட்டிய மரத்தை ஒரு காலத்தில் அடுப்பெரிக்கத்தான் கொடுத்தார்கள். மரம் பார்க்க அழகு, இழைத்தால் வழவழவென்று வரும். ஆனாலும் ஆசாரிகள் தொடமாட்டார்கள். காரணம், ரப்பர் மரத்தில் தனியாக வைரம் என்று ஒன்று தெரியாது. பட்டையிலிருந்து நடுவரை ஏறக்குறைய வெளிறு மாதிரியே இருக்கும், மாவுச்சத்தும் நிறைய. வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே நீலக்கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு உளு வண்டு வந்து ஊசித்துளை போட்டு மாவு மாவாகக் கொட்டும். அதையும் தாண்டி ஏதாவது மிஞ்சினால் கரையானுக்கு.

இன்றைக்கு அதே ரப்பர் மரத்தில் கதவும் நிலையும் மேசையும் செய்கிறார்கள். இந்த மாற்றத்தைச் செய்தது விலை அதிகமில்லாத ஒரு வெள்ளை உப்பு. வெங்காரம் என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பொற்கொல்லர் நகை பற்றவைக்கும்போது தடவுவாரே, அதேதான். கேரம் பலகையில் தூவும் போரிக் பொடியைப் பார்த்திருப்பீர்கள். வெங்காரத்திலும் போரிக் அமிலத்திலும் போரான் என்ற தனிமம் இருக்கிறது. மரத்தைக் காப்பது அந்தப் போரான்தான்.

போரான் ஏறிய மரத்தைக் கரையான் தின்றால் உடனே துடித்துச் சாகாது. தின்ற உணவிலிருந்து சக்தி எடுக்கும் வேலை அதன் உடம்பில் தடைபடுகிறது. சில கரையான்களின் குடலில் மரத்தைச் செரித்துத் தரும் நுண்ணுயிர்கள் உண்டு, அவையும் அழிகின்றன. தின்று தின்று பட்டினியில் சாகிறது என்று சொல்லலாம். பூஞ்சைக்கும் உளு வண்டுக்கும்கூட இது ஆகாது. மனிதர்களுக்கு? கையில் பட்டால் கழுவினால் போதும். ஆனால் வயிற்றுக்குள் போகக்கூடாது, சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. கரைசல் இருக்கும் வாளியை அடுக்களைப் பக்கம் வைக்கவே கூடாது.

கரைசல் கலக்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் வெங்காரத்தைத் தனியாகப் போட்டால் ஓரளவுக்குமேல் கரையாது, அடியில் தங்கிவிடும். போரிக் அமிலத்தைத் தனியாகப் போட்டாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால், தனித்தனியாகக் கரைந்ததைவிட மிக அதிகமாகக் கரைகின்றன. ஒன்றோடொன்று இணைந்து வேறொரு போரான் உப்பாக மாறுவதுதான் காரணம், அது தண்ணீரில் எளிதாகக் கரையும். மூங்கிலைப் பதப்படுத்துபவர்கள் வழக்கமாகப் போடும் அளவு, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் வெங்காரம், 200 கிராம் போரிக் அமிலம். தடித்த மரக்கட்டைக்கு இதைவிடக் கெட்டியான கரைசல் வேண்டும், அதை வெந்நீரில் கலக்குவார்கள்.

இனி இந்த உப்பு மரத்துக்குள் போக வேண்டும். தூரிகையால் மேலே பூசினால் போதாதா என்று கேட்பீர்கள். பூசியது தாளின் தடிமனுக்குத்தான் இறங்கும். மரம் காய்ந்து சின்ன வெடிப்பு விட்டாலும், ஆணி அடித்தாலும், அந்த வழியே கரையான் உள்ளே போய்விடும். பெயின்ட், வார்னிஷ், சிலர் பூசும் பழைய எஞ்சின் ஆயில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சரக்கு ஆழத்தில் இருக்க வேண்டும்.

பாட்டி நார்த்தங்காய் ஊறுகாய் போடுவதை நினைத்துப் பாருங்கள். காயை நறுக்கி உப்பைப் போட்டு ஜாடியில் மூடி வைக்கிறார். யாரும் உப்பை உள்ளே தள்ளவில்லை, ஆனாலும் நாள் போகப் போக நடுச்சதைவரை உப்பு ஏறிவிடுகிறது. காயில் தண்ணீர் இருப்பதால்தான் அது நடக்கிறது. உப்பு அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வழியாகத் தானே நகர்ந்து போகிறது. இதைப் பரவல் என்கிறது அறிவியல். போரானும் மரத்துக்குள் இப்படித்தான் போகிறது. அதனால் அறுத்துக் காயவைத்த மரத்தில் இந்த முறை பலிக்காது. பச்சை மரமாக, ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும்போதே அறுத்து, கெட்டிக் கரைசலில் முக்கி எடுத்து, நெருக்கமாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்க வேண்டும். தாள் விலகிக் காற்றுப் பட்டால் ஈரம் காயும், போரான் பாதி வழியில் நின்றுவிடும்.

எத்தனை நாள் மூடி வைப்பது? ஓர் அங்குலப் பலகைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது மரம் பதப்படுத்துவோரின் கணக்கு. நம் கதவு நிலையோ பெரும்பாலும் 4 அங்குல அகலமும் இரண்டரை அங்குலத் தடிமனும் கொண்ட கட்டை. அதற்கு இரண்டரை மாதம் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள், இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

தண்ணீருக்குள் நகரும் உப்புத் துகள் நேர்கோட்டில் போவதில்லை. நாலு பக்கமும் இடிபட்டு, முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி என்று தள்ளாடிக்கொண்டே போகிறது. இப்படிப் போகிற ஒன்று இரண்டு மடங்கு தூரம் கடக்க நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு. இப்போது பலகைக்கு வருவோம். ஓர் அங்குலப் பலகையில் இரண்டு பக்கமிருந்தும் போரான் நுழைவதால், ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் போனால் நடுவைத் தொட்டுவிடும். இரண்டரை அங்குலக் கட்டையில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் போக வேண்டும். அரையைவிட ஒன்றேகால் இரண்டரை மடங்கு. இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் ஆறேகால். ஆக, ஒரு மாத வேலை ஆறு மாதத்துக்கு மேல் இழுக்கும்! ரப்பர் மரத்தை ஆறு மாதம் ஈரமாகவே வைத்திருந்து பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அதனால் தடித்த கட்டைகளை இரும்புத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். நீளமான, உருளை வடிவத் தொட்டி. கட்டைகளை உள்ளே தள்ளிக் கதவை இறுக்கி மூடியதும் முதலில் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்தின் நுண்குழாய்களில் இருக்கும் காற்றும் வெளியேறும். சுமார் அரை மணி நேரம் கழித்துக் கரைசலைத் திறந்துவிட்டு, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுப்பார்கள். காலியாகக் கிடந்த குழாய்களுக்குள் கரைசல் புகுந்துவிடும். ஆறு மாத வேலை ஒரே நாளில் முடிகிறது. ரப்பர், மா போன்ற மரங்கள் இதற்கு நன்றாக இடம் கொடுக்கும். தேக்கு வைரமோ இடம் கொடுக்காது, அதன் குழாய்கள் அடைபட்டிருக்கும். அதற்கு மருந்து தேவையுமில்லை, விடுங்கள்.

சரி, கடைக்காரர் 'இது மருந்து ஏற்றிய மரம்' என்கிறார். வெள்ளை உப்பு கரைந்த தண்ணீருக்கு நிறமில்லை, மரத்தில் ஏறியபின் வாசனையும் இல்லை. ஏற்றாத கட்டையையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. எப்படி நம்புவது?

இங்கேதான் நம் அடுக்களை மஞ்சள் வருகிறது. முதலில் வீட்டில் செய்யக்கூடிய பாதியைச் சொல்கிறேன். ஒரு தட்டில் மஞ்சள் கரைத்து, துளி வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேருங்கள். சுண்ணாம்பைக் கையால் எடுக்காமல் கரண்டியால் எடுங்கள். ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதல்லவா? அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மறைந்து மறுபடியும் மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பும். இந்தச் சிவப்பு நிலையில்லாதது.

இன்னொரு சிவப்பு இருக்கிறது. வலுவான அமிலத்தின் முன்னிலையில் குர்க்குமின் போரானைச் சந்தித்தால், இரண்டும் கைகோத்துப் புதிய பொருளாக மாறும். அதுவும் சிவப்புதான். ஆனால் சுண்ணாம்புச் சிவப்பு அமிலத்தில் மறைகிறது, போரான் சிவப்பு அமிலத்தில்தான் உண்டாகிறது. போரானைத் தவிர்த்து மரத்தில் சாதாரணமாக இருக்கும் வேறு எதுவும் இந்த விளையாட்டை விளையாடாது.

மரத்தைச் சோதிப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கட்டையை முனையில் அறுக்காமல், முனையிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் குறுக்கே அறுப்பார்கள். முனையில் குழாய்களின் வாய் திறந்திருப்பதால் அங்கே மருந்து எப்போதும் நன்றாகவே ஏறியிருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அறுத்த முகத்தைத் துடைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டிய மஞ்சள் சாற்றைத் தெளிப்பார்கள். முகம் முழுவதும் மஞ்சளாகும். அது காய்ந்ததும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த இரண்டாவது கரைசலைத் தெளிப்பார்கள். இது கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. சில நிமிடங்களில் போரான் இருக்கும் இடமெல்லாம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். முகம் முழுக்கச் சிவந்தால் தேர்ச்சி. ஓரத்தில் சிவப்பு வளையமும் நடுவில் மஞ்சள் தீவும் தெரிந்தால் மருந்து பாதி வழியில் நின்றிருக்கிறது என்று பொருள். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம்.

போரானுக்கு ஒரு பெரிய குறை உண்டு. தண்ணீர் வழியாக உள்ளே வந்தது தண்ணீர் வழியாகவே வெளியே போய்விடும். மழையில் நனையும் மரத்திலும், மண்ணில் புதைத்த மரத்திலும், எப்போதும் ஈரமாக இருக்கும் குளியலறை நிலையின் பாதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். கூரைக்கடியில் உலர்ந்து நிற்கும் அறை நிலைக்குத்தான் அது ஏற்றது.

தண்ணீரில் கரைத்து ஏற்ற வேண்டும், ஏறியபின் கரையக்கூடாது. இந்த விடுகதையை அவிழ்த்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சோண்டி காமேசம் 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றின் உப்புகளையும் கலந்து ஒரு மருந்து செய்தார். அஸ்கு என்று அதற்குப் பெயர். மரத்துக்குள் போனதும் குரோமியம் மரச்சத்தோடு வினைபுரிந்து, செம்பையும் ஆர்சனிக்கையும் கரையாத பொருளாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பெரும்பகுதி மரத்திலேயே நிற்கும். கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் உலகம் முழுவதும் இந்த மருந்து போனது. ஆனால் ஆர்சனிக் கொடிய நஞ்சு. மரத்தை அறுக்கும் தூளிலும் எரித்த சாம்பலிலும் அது இருக்கும். அதனால் அமெரிக்காவில் 2003-ம் ஆண்டின் முடிவோடு, வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் இதை ஏற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். பச்சை நிறம் ஏறிய பழைய கம்பம் எங்காவது உடைந்து கிடந்தால் அதை அடுப்பில் வைக்கவே கூடாது.

ரப்பரே வேண்டாம், சிமெண்டு நிலை வைத்துவிட்டால்? இரும்பு நிலை? கரையான் அவற்றைத் தின்னாது, அது சரிதான். குளியலறைக்குக் கருங்கல் நிலை வைப்பதும் நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பூச்சு விலகி ஒரு மயிரிழைச் சந்து விழுந்தால், கரையான் அந்தச் சந்தில் குழாய் கட்டி ஏறி மரக்கதவுக்கும் அலமாரிக்கும் போய்ச் சேரும். நிலை நன்றாக இருக்கும், உள்ளே புத்தகம் போய்விடும். அதனால்தான் வீடு கட்டும்போதே அடித்தள மண்ணுக்கு மருந்து ஊற்றுகிறார்கள். கட்டி முடித்த வீட்டில் கரையான் வந்தால், தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மண்ணுக்குள் மருந்து செலுத்துவார்கள். நிலையும் சுவரும் சேரும் இடத்தில் அரை அடிக்கு ஒன்றாகச் சாய்வான சிறு துளைகள் போட்டு, இனி உறிஞ்சாது என்னும்வரை விடுவார்கள். அது பூச்சிமருந்து, உரிமம் பெற்றவர்களின் வேலை. அன்றைக்கு நீங்கள் தெருவில் விளையாடப் போய்விடுங்கள்.

குமரி மாவட்டத்தில் ஓர் ஆசாரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மருந்து ஏற்றிய ரப்பர் நிலையும் சில வீடுகளில் அரிக்கப்பட்டது ஏன் என்று கேட்டேன்.

"மருந்து ஏத்துன மரம்தானே ஆசாரியாரே, அப்புறம் எப்படி?"

"ஏத்துனது முழுக் கட்டையிலல்லவா சார். கொண்டு வந்த பிறகு நான் என்ன செய்யுதேன்? அளவுக்கு அறுக்கேன், துளை போடுதேன், முனையைச் செதுக்குதேன். மருந்து நடுவரைக்கும் போயிருக்கல்லன்னா, நான் அறுத்த இடம் அதுக்கு வாசல் திறந்த மாதிரிதானே!"

மஞ்சள் சோதனையில் பார்த்த மஞ்சள் தீவு ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தீவைத்தான் வாள் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் பாதத்திலேயே, ஏனென்றால் உயரம் சரிபண்ண அறுப்பது அங்கேதான். அதனால் இப்போது அவர் வரிசையை மாற்றிவிட்டார். அறுப்பு, துளை, செதுக்கல் எல்லாவற்றையும் முதலில் முடித்து, துண்டுகளைச் சேர்க்காமல் அப்படியே மருந்துத் தொட்டிக்கு அனுப்புகிறார். திரும்பி வந்து நிறுத்தும்போது எங்காவது கொஞ்சம் அறுக்க வேண்டி வந்தால், கெட்டிக் கரைசல் வைத்திருக்கும் வாளியில் அந்த முனையைத் தலைகீழாக ஓர் இரவு நிறுத்தி வைக்கிறார். முனையில் குழாய் வாய்கள் திறந்திருப்பதால் ஓர் இரவில் அங்கே ஏறுவது பக்கவாட்டில் ஏறுவதைவிட மிக அதிகம். காய்ந்தபின் சுவரைத் தொடும் முதுகுக்குத் தார் பூசுகிறார். பாதத்தைத் தரைக்குள் புதைக்காமல், இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கருங்கல் துண்டை வைத்து அதன்மேல் நிறுத்துகிறார். கழுவும் தண்ணீர் கல்லோடு நின்றுவிடுகிறது. கரையான் மேலே வர வேண்டுமென்றால் அந்த இரண்டு அங்குலக் கல்லின்மேல், எல்லார் கண்ணிலும் படும்படி மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும்.